அம்பின் மேல் என்ன எழுதுவது?

"ஒளிச்சேர்க்கை பாடத்துக்குக் கருத்து வரைபடம் போட்டேன். பெட்டி, அம்பு எல்லாம் இருக்கு, ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா எதை எதுக்காக இணைச்சேன்னே புரியலை. அம்பு மேல என்ன எழுதணும்?"

பெட்டி, அம்பு, பெட்டி மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். 1970களில் இந்த முறையை உருவாக்கிய ஜோசப் நோவாக் வலியுறுத்தியதும் இதைத்தான்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், ஆனால் வரைபடத்தில் அது நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. "பச்சையம் → உறிஞ்சுகிறது → ஒளி" என்று எழுதினால் தடுக்கும். அதனால் "உறிஞ்சுவது", "நடக்கும் இடம்", "தேவைப்படுவது" போன்ற சொற்களைப் போடுங்கள். பச்சையம் உறிஞ்சுவது ஒளி ஆற்றல். ஒளிவினை நடக்கும் இடம் தைலக்காய்டு. இப்போது சரளமாக வாசிக்க முடிகிறது இல்லையா?

அப்புறம், "தொடர்புடையது" என்ற சொல்லை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். எதை எதோடு இணைத்தாலும் அது தப்பாகாது, அதனால் அது எதையும் சொல்வதும் இல்லை. உங்கள் படத்தில் ஒளியிலிருந்து ஆக்சிஜனுக்கு ஓர் அம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் நல்ல சொல் எதுவும் சிக்காது, ஏனென்றால் நடுவில் ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது. நீர் என்ற பெட்டியைச் சேர்த்தால் சரியாகிவிடும்: ஒளிவினை பிளப்பது நீர், நீர் பிளக்கும்போது வெளிவருவது ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் ஆக்சிஜன் வருகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அந்தத் தவறும் இங்கேயே பிடிபடும்.

செய்யும் விதம் இதுதான். "இலை ஒளியைக் கொண்டு சர்க்கரையை எப்படி உருவாக்குகிறது?" என்று மேலே ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தேவையான 15 முதல் 20 சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, பொதுவானவை மேலேயும் குறிப்பானவை கீழேயுமாக நகர்த்திப் பாருங்கள். இடம் ஓரளவு அமைந்த பிறகுதான் கோடு. பென்சிலில் போடுங்கள், எப்படியும் இரண்டு மூன்று முறை அழிப்பீர்கள்.

எல்லாம் முடிந்ததும் படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் குறுக்கு இணைப்புகளைத் தேடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒளிவினை ஒரு கிளை, கால்வின் சுழற்சி இன்னொரு கிளை. ஒளிவினை உண்டாக்குவது ஏடிபி, ஏடிபி ஆற்றல் தந்து இயக்குவது கால்வின் சுழற்சி. இந்த இரண்டு அம்புகளும் இருந்தால், ஒளியே நேரடியாகத் தேவைப்படாத கால்வின் சுழற்சி இருட்டில் ஏன் நின்றுபோகிறது என்ற கேள்விக்குப் புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொல்லிவிடலாம்.

கால்வின் சுழற்சியின் உள்ளே நடக்கும் படிகளை மட்டும் இதில் திணிக்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைக் காட்டத் தனியாக ஒரு வட்டப் படம் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே அது ஒரே பெட்டியாக இருந்தால் போதும்.