ஓடிபி எல்லாம் ஒரே சிம்முக்கு வருகிறது, ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுவது எப்படி?

கேள்வி: எல்லாக் கணக்குக்கும் ஓடிபி ஒரே சிம்முக்குத்தான் வருகிறது. சிம் போனால் எல்லாமே போச்சு. ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறினால் தீருமா? எப்படி மாறுவது?

பெருமளவு தீரும், ஆனால் வேலையை முழுதாக முடித்தால்தான். பலர் செயலியைச் சேர்த்துவிட்டுப் பழைய எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்போது உள்நுழையும் திரையில் "வேறு வழியில் முயல்க" என்பதைத் தட்டினால் எஸ்எம்எஸ் வழி இன்னும் திறந்தே கிடக்கும். உங்கள் எண்ணை ஏமாற்றித் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்பவருக்கு அந்த வழி போதும்.

முதலில் செயலி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஸ்கேன் செய்யும் க்யூஆர் படத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதே சாவி அந்த நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கும். இரண்டு பக்கமும் சாவியோடு அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பொதுவாக 30 விநாடிக்கு ஒரு 6 இலக்க எண்ணை வரவைக்கின்றன. உங்களுக்கு யாரும் எதுவும் அனுப்புவதில்லை. அதனால் சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் சாவி போனுக்குள் மட்டும் இருந்தால் போனோடு சேர்ந்து அதுவும் தொலையும். சிம்மை நம்பியிருந்தது போய், போனை நம்பியிருப்பதாக ஆகிவிடும்.

மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. கூகுள் கணக்கு என்றால், பாதுகாப்புப் பகுதியில் 2-Step Verification போய் Authenticator என்பதைத் தேர்ந்தெடுங்கள். க்யூஆர் வந்ததும் அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டில் இன்னொரு போனோ டேப்லெட்டோ இருந்தால் அதே படத்தை அதிலும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே எண் ஓடும். Can't scan it? என்பதைத் தட்டினால் சாவி எழுத்துகளாகவே வரும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டோக்களோடு போட்டுவைப்பது மட்டும் வேண்டாம். அந்தப் படம் கிடைத்தவருக்கு உங்கள் எண்கள் எல்லாம் கிடைத்த மாதிரிதான்.

அப்புறம் Backup codes. கூகுள் 10 எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதே ஜிமெயிலுக்குள் சேமித்தால் பயனில்லை, உள்ளே போக முடியாத நாளில்தானே அவை வேண்டும்!

இப்போது சோதனை. கணினியில் உள்நுழைந்த நிலையை விட்டு வெளியேறாமல், தனியாக ஒரு மறைநிலைச் சாளரம் திறங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுச் செயலியின் எண்ணால் உள்ளே போய்ப் பாருங்கள். எண் தவறு என்று வந்தால் பெரும்பாலும் போனின் கடிகாரம்தான் காரணம். சில விநாடி வித்தியாசத்தைச் சர்வர் பொறுத்துக்கொள்ளும், சில நிமிடங்கள் பிசகினால் ஏற்காது. தேதி, நேரத்தைத் தானாக அமையும்படி வையுங்கள். நேரம் சரியாக இருந்தும் ஏற்கவில்லையா? இடையில் மறுபடி ஒரு க்யூஆர் உருவாக்கினீர்களா என்று யோசியுங்கள். புதிய சாவி வந்ததும் பழையது செல்லாது, ஆனால் செயலி அது தெரியாமல் பழைய வரியிலும் எண் காட்டிக்கொண்டே இருக்கும்.

சோதனையில் தேறிய பிறகுதான் 2-Step Verification பக்கத்திலிருந்து போன் எண்ணை நீக்க வேண்டும். மீட்பு எண் என்று இன்னொரு இடத்திலும் அதே எண் இருக்கும், அது தனி அமைப்பு. மீட்பு மின்னஞ்சலும் அச்செடுத்த எண்களும் கையில் இருந்தால் நான் அதையும் எடுத்துவிடுவேன். அந்த மீட்பு மின்னஞ்சல் கணக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பி இருந்தால் சுற்றி அதே சிம்முக்குத்தான் வந்து நிற்பீர்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கணக்குகளுக்கும் இதே வரிசைதான். போலித் தளத்தில் நீங்களே எண்ணைத் தட்டிக் கொடுத்தால் செயலி காப்பாற்றாது. அந்தச் சில விநாடிக்குள் அவர்கள் அதை உண்மையான தளத்தில் போட்டுவிடுவார்கள்.

சிம்மைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. பல வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியை விடவில்லை. வாட்ஸ்அப் எண்ணை வைத்தே பதிவு செய்கிறது; அதன் அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று 6 இலக்க PIN வைத்தால், உங்கள் எண் யார் கைக்குப் போனாலும் எஸ்எம்எஸ் மட்டும் போதாது, PIN எண்ணையும் கேட்கும். போனின் அமைப்புகளில் சிம் பூட்டும் இருக்கிறது. போடுவதற்கு முன் சிம்மோடு வந்த PIN எண்ணைத் தேடி வையுங்கள். 3 முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு திறக்க சிம் நிறுவனத்திடம் பியுகே எண் கேட்க வேண்டியிருக்கும்.