சூப்பர்வைசர் கூட்டிட்டு வந்து நிறுத்துன ஆளு

"அண்ணாச்சி, துபாய் கேம்ப்ல நம்மூர்க்காரங்கள ஆராய்ச்சிக்காக பேட்டி எடுத்தேன், சூப்பர்வைசரே ஆள் கூட்டிட்டு வந்தாரு, எல்லாரும் சம்மதப் பேப்பர்ல கையெழுத்தும் போட்டாங்க, ஆனா ஒருத்தரும் குறையே சொல்லல, ஏன்?"

தம்பி, அவரு கூப்பிட்டா எவன் மாட்டேம்பான், விசாவும் ரூமும் கம்பெனி மூலமாதான, வேலை போனா ரெண்டும் போச்சு, ஏஜெண்டுக்குக் கட்ட வாங்குன கடன் வேற நிக்கும். யார் வந்தா யார் வரலைன்னு அவருக்குத் தெரியும்லா. அந்தக் கையெழுத்துப் பேப்பரே ஆபத்துதான், பேரோட இருக்கது அது ஒண்ணுதான், எத்திக்ஸ் கமிட்டிட்ட கேட்டு வாய்ச்சம்மதமா மாத்திருங்க. லீவுல வள்ளியூர், நாங்குநேரி வந்தவங்கள வீட்ல வச்சு பேசுங்க, திரும்பிப் போறவங்க அப்பவும் பயப்படுவாங்க, ஒரேடியா வந்தவங்கதான் கொட்டுவாங்க, ஆனா அவங்க சொல்லுதது பழைய நிலவரம்னு எழுதணும். இன்னொண்ணு, கட்டுரைல "வள்ளியூர் கிரேன் ஆப்பரேட்டர்"னு போட்டா பேரே வேண்டாம், கேம்ப்ல யார்னு சொல்லிருவாங்க, ஊரையாவது தொழிலையாவது எடுத்துருங்க.