மதுரை வீட்டில் ஒட்டிய நோட்டீஸ்: கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டை எடுக்க முடியுமா?

கேள்வி: ஐயா, நான் மொரிசியஸில் கிராண்ட் பே ஹோட்டலில் சமையல்காரன். மதுரையில் என் பேரிலும் அம்மா பேரிலும் 30 லட்சம் வீட்டுக்கடன், தவணை 27,000 ரூபாய். இடையில் வேலை போனதால் ஆறு தவணை கட்டவில்லை. மார்ச் 3 தேதியிட்ட நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். 60 நாளில் 27.8 லட்சம் முழுவதையும் கட்டச் சொல்கிறது. இப்போது வேலை கிடைத்துவிட்டது. இனி மாதாமாதம் அனுப்பினால் போதுமா? கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டை எடுக்க முடியுமா?

பதில்: முடியும், தம்பி. இங்கே மொரிசியஸில் அடமான வீட்டை விற்க வேண்டுமென்றால் விஷயம் போர்ட் லூயிஸில் மாஸ்டர் கோர்ட் வரை போக வேண்டும். அதைப் பார்த்துப் பழகியவர்கள், இந்தியாவிலும் அப்படித்தான் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள். அங்கே 2002-இல் வந்த சர்பாசி சட்டம், அடமானம் வைத்த சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி செய்திருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையாகி, கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டால் அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும். உங்களுக்கு வந்திருப்பது அதுதான்.

மாதம் 27,000 அனுப்பினால் போதாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, வாராக்கடன் ஆன கணக்கு பழைய நிலைக்கு வர வேண்டுமென்றால் நிலுவை மொத்தமும் தீர வேண்டும். ஒரு தவணை கட்டினாலும் ஐந்து பாக்கி அப்படியேதான் நிற்கும், நோட்டீஸும் உயிரோடு இருக்கும். ஆறு தவணை 1,62,000 ரூபாய். அதன் பிறகு தவறிய தவணை, அபராதம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கடன் வாங்கியாவது அதை ஒரே தடவையில் கட்டிவிட்டு, 'கணக்கு சீரானது, நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது' என்று கடிதம் வாங்குங்கள். முழுக் கடனையும் கேட்டுவிட்டதால் நிலுவையை மட்டும் வாங்கிக்கொள்ள வங்கிக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் குடியிருக்கும் வீடு, வேலையும் திரும்பக் கிடைத்திருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இதோடு 13(3ஏ) பிரிவில் ஓர் ஆட்சேபணைக் கடிதமும் போக வேண்டும். கணக்கு எந்தத் தேதியில் வாராக்கடன் ஆனது, கட்டிய பணமெல்லாம் வரவு வைக்கப்பட்டதா என்று கணக்கு விவரத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கிடைத்த 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 34-ஆவது பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது.

மே 2-இல் 60 நாள் முடிகிறது. அதற்குள் தீராவிட்டால், வீடு வங்கியின் வசம் வந்துவிட்டதாகச் சொல்லும் 'சுவாதீன அறிவிப்பு' என்று இன்னொரு தாள் கதவில் ஒட்டப்படும், இரண்டு நாளிதழிலும் வரும். அம்மாவை யாரும் வெளியே போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 17-ஆவது பிரிவின் 45 நாள் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும். மே 10-இல் ஒட்டினால் ஜூன் 24-க்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அங்கே கடன் தொகையை முன்பணமாகக் கட்டத் தேவையில்லை, மனுக் கட்டணம் மட்டும்தான். தோற்று மேல்முறையீடு போனால்தான் பாதித் தொகை கட்ட வேண்டும், அதையும் கால் பங்குவரை குறைத்துக் கேட்கலாம். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வங்கி பெரும்பாலும் 14-ஆவது பிரிவில் கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உத்தரவு வாங்கித்தான் வரும்.

அம்மாவும் கடன்தாரர் என்பதால் மனுவில் அவரே கையெழுத்துப் போடலாம். உங்கள் தரப்பில் பேசவும் கையெழுத்துப் போடவும் ஒருவருக்குப் பவர் கொடுங்கள். போர்ட் லூயிஸில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது ஊர் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

ரோஸ் ஹில்லில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் முழுப் பணத்தோடு திருச்சிக்குப் பறந்தார். மேலாளர் ஏல அறிவிப்பு வந்த பேப்பரை எடுத்துத் தேதியைக் காட்டி, 'நேரம் முடிந்துவிட்டது' என்றார். ஏல நாள் வரை கட்டி மீட்கலாம் என்பது பழைய கதை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பாக்கி முழுவதையும் செலவோடு செலுத்த வேண்டும். அதற்குப் பின் மீட்கும் உரிமை கிடையாது.

நீங்களே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க நினைத்தாலும், நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.