பைப்பைச் சட்டென்று பூட்டினால் ஏன் அடிக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மேல்தாங்கிப் பைப்பைச் சட்டென்று பூட்டினால் சுவருக்குள் 'டொக்' என்று கேட்கிறது. எப்படி நிறுத்துவது?

ஓடிவரும் தண்ணீரைத் திடீரென மறித்தால் அதன் வேகம் அழுத்தமாக மாறும். பிவிசி குழாயில் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் வந்த நீர் சட்டென நின்றால், ஏறக்குறைய 4 பார் அழுத்தம் கூடும். 5 மீற்றர் உயரத் தாங்கி தருவதோ அரை பார்தான். அந்த அதிர்வில், இறுகப் பிடிக்காத குழாய் துள்ளிச் சுவரில் மோதுகிறது.

ஒருவர் பூட்ட, மற்றவர் வெளியே தெரியும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். துள்ளும் இடத்தில் கிளிப் அடித்தால் சத்தம் குறையும். ஆனால் அழுத்தம் அப்படியே இருக்கும், நாளடைவில் மூட்டுகள் கசியலாம். அதனால் கால் சுற்றில் பூட்டும் லீவர் பைப்பைக் கழற்றிவிட்டு, பல சுற்றுத் திருகும் பைப் போடுவதே சரி. அதுவரை மெதுவாகப் பூட்டுங்கள்.