பிடித்தவரிடம் பேச வாய் வராதவர்களுக்கு: படிப்படியாகப் பழகுவது பற்றிக் கேள்வி பதில்

சமூகப் பதற்றம் உள்ளவர்களோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகர் நான். மருந்து எழுதும் மருத்துவர் அல்ல. கூச்சத்தால் பிடித்தவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பவர்கள் கேட்கலாம்.

கேள்வி (கோவை, 27 வயது): சனி, ஞாயிறுகளில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். அங்கே ஒருவரைப் பிடித்திருக்கிறது. நான்கு மாதமாகப் பேசியதில்லை. 'தெரியாதவர்களிடம் மணி கேட்டுப் பழகு' என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைச் சுலபமாகச் செய்கிறேன். ஆனால் வகுப்பில் ஒன்றும் மாறவில்லை.

மாறாது. மணி கேட்பதற்கு உங்களுக்குப் பயமே இல்லை. பயம் இல்லாத இடத்தில் பழகி என்ன கிடைக்கும்? சின்னப் படியிலிருந்து பெரிய படிக்கு ஏறிப் பழகுவதை நாங்கள் ஏணி என்போம். அது உங்கள் பயத்திலிருந்து புறப்பட வேண்டும். உங்கள் பயம் தெரியாதவர்கள் மேல் இல்லை. 'என் வயதுப் பெண், என்னை வாராவாரம் பார்ப்பவர், என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்' என்பதுதான் பயம். எனவே படிகள் வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 100 என்றால் ஓடிவிடத் தோன்றும் அளவு. 1950களில் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் படிகளை வரிசைப்படுத்திப் பழக்கும் முறையைப் பரப்பினார். நாங்கள் இன்றும் இப்படி மதிப்பெண் கேட்டுத்தான் ஏணி கட்டுகிறோம்.

உங்களுக்கு இப்படி அமையலாம். உள்ளே வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு, ஆணோ பெண்ணோ, வணக்கம் சொல்வது 20. வேறொரு வகுப்புத் தோழியிடம் வீட்டுப்பாடம் பற்றி ஒரு கேள்வி கேட்பது 35. டீ இடைவேளையில் நாலு பேர் நிற்கும் இடத்தில் போய் நின்று, உங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்வது 50. வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது உச்சரிப்பு தப்பிப்போனால் மன்னிப்புக் கேட்காமல், சிரித்துச் சமாளிக்காமல் தொடர்வது 60. மற்றவர்களிடம் பேசுவது போலவே அவரிடமும் இரண்டு நிமிடம் பேசுவது 70. 'வகுப்பு முடிந்ததும் டீ குடிக்கலாமா?' என்று நேராகக் கேட்பது 90. எண்களை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பயம் உங்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நம்புகிறேன். உதாரணமாக 35 மதிப்பெண் படிக்கு, 'முகம் சுளித்துத் திரும்பிக்கொள்வார், 80 சதவீதம் நம்புகிறேன்' என்று எழுதுகிறீர்கள். போய்க் கேட்கிறீர்கள். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டுகிறார். திரும்பி வந்து நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்' என்பது நடந்ததல்ல, அது உங்கள் ஊகம். பிறகு நம்பிக்கைக்கு மறுபடி சதவீதம் போடுங்கள். 80 ஐம்பதாகியிருந்தால் அந்தப் படி வேலை செய்திருக்கிறது, அப்போது நெஞ்சு படபடத்திருந்தாலும் சரி.

ஒரே ஆளிடம், ஒரே கேள்வியோடு நிறுத்தாதீர்கள். ஆள் மாற வேண்டும், நாள் மாற வேண்டும். இல்லாவிட்டால் 'அவர் நல்லவர், அதனால் பதில் சொன்னார்' என்று மனம் ஒதுக்கிவிடும். ஒரு படி இரண்டு வாரமாக நடக்கவே இல்லை என்றால் அது உங்களுக்குப் பெரிய படி. பாதியாக வெட்டுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இன்று பலமுறை சொல்வேன்: அவரைப் பயிற்சிக்கான ஆளாக வைக்காதீர்கள். கீழ்ப்படிகளை மற்றவர்களோடு இயல்பான பேச்சில் ஏறுங்கள். அவரிடம் போகும்போது உண்மையாகவே அவரைத் தெரிந்துகொள்ளப் போங்கள்.

கேள்வி (சேலம்): ஒரு மாதமாக எல்லாப் படியும் செய்கிறேன். மதிப்பெண் 60லேயே நிற்கிறது. கையில் போன் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முன்னாலேயே மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தப் போனும் மனப்பாடமும்தான். 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் சமூகப் பயத்தை விளக்கியபோது, பாதுகாப்புக்காகப் பிடித்துக்கொள்ளும் இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். ஒன்றும் கெட்டது நடக்காவிட்டால், 'போன் இருந்ததால் தப்பித்தேன்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பயம் அப்படியே இருக்கும். மனப்பாடத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. அடுத்த வரியை நினைத்துக்கொண்டிருப்பதால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. அவருக்கு நீங்கள் ஆர்வமில்லாதவர் போலத் தெரியும். நீங்கள் பயந்தது அதனாலேயே நடந்துவிடும்.

படியை உயர்த்த வேண்டாம். அதே படி, போன் பைக்குள், மனப்பாடம் இல்லாமல். பேசி முடித்ததும் அவர் சொன்னதில் இரண்டு விஷயம் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் கவனம் முழுக்க உங்கள் மேலேயே இருந்திருக்கிறது.

கேள்வி: நான் உள்ளே நுழைந்தாலே எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

2000இல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். நீங்களும் சோதியுங்கள்: நுழைந்ததும் குனியாமல் நிமிர்ந்து, எத்தனை பேர் உங்களைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

கேள்வி (மதுரை): இந்தச் சின்னப் படியெல்லாம் சாகும்வரை ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பின்னாளில் பெரிய உளவியலாளரான ஆல்பர்ட் எல்லிஸ் 19 வயதில் ஒரே மாதத்தில் நூறு பெண்களிடம் பேசிப் பயத்தை விட்டார். ஒரேயடியாகக் குதிப்பதுதான் சரி.

எல்லிஸ் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய்ப் பேசினார். அவரே பலமுறை சொன்ன கதை அது. ஒருவர்தான் சந்திக்க ஒப்புக்கொண்டார், அவரும் வரவில்லை. ஆனால் மறுக்கப்பட்டும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எல்லிஸ் கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் சரிதான். திரும்பத் திரும்பச் செய்தார், ஆளை மாற்றினார், மறுப்பையும் சந்தித்தார். ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் நாளே மேலே குதித்து, ஒரு கெட்ட அனுபவத்தோடு ஓடிவந்து, ஆறு மாதம் வெளியே வருவதில்லை.

(குறுக்கிட்டு, சென்னை): அந்த பெஞ்சில் உட்காருகிறவள் நான். பூங்காவுக்கு நடக்க வருகிறேன். யாரோ பயத்தைப் போக்கிக்கொள்வதற்காக வாரம் நாலு பேர் வந்து பேசினால் என் நிம்மதிக்கு யார் பொறுப்பு? அவர்கள் பயிற்சி என்று எனக்கு எப்படித் தெரியும்? தனியாக இருக்கும்போது என் பயமும் 100தான்.

(மதுரை): பேசுவதே தப்பென்றால் யாரும் யாரையும் சந்திக்கவே முடியாது.

(சென்னை): பேசுவதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. வகுப்பு, வேலை, நண்பர் வீட்டுக் கல்யாணம், இங்கெல்லாம் பேசட்டும். அங்கே எனக்கு விலகிப்போக இடம் உண்டு. நாலு பேருக்கு இருவரையும் தெரியும்.

சென்னைச் சகோதரி சொல்வது இடம் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல அளவுகோல்: எதிரில் இருப்பவர் சுலபமாக 'வரேன்' என்று சொல்லி நகரக்கூடிய இடமா? பேருந்து இருக்கை, லிஃப்ட், இரவுத் தெரு, வேலை செய்துகொண்டிருக்கும் கடைப் பெண், இவை கூடாது.

மதுரைக்காரர் சொன்னதன் இன்னொரு பாதியும் தள்ளக்கூடியதல்ல. படிகளை வரிசைப்படி ஏறியே ஆக வேண்டுமா, கலைத்துப்போட்டும் செய்யலாமா என்பதில் எங்கள் துறையிலேயே ஒத்த கருத்து இல்லை. மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பு பொய்யாவதையே முக்கியமாக வைக்கிறார்கள், வரிசையை அவ்வளவாக வலியுறுத்துவதில்லை. தனியாக, துணையில்லாமல் செய்பவர்களுக்கு நான் வரிசையைத்தான் சொல்வேன், பாதியில் விடுபவர்கள் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

(குறுக்கிட்டு, ஈரோடு): பயம் பாதியாகக் குறையும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்று படித்தேனே?

பழைய முறையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பூச்சிப் பயம் போன்றவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். பேச்சுக்குப் பொருந்தாது. உங்கள் பதற்றம் இறங்கட்டும் என்று ஒருவரை இருபது நிமிடம் நிறுத்திவைப்பீர்களா? பேச்சு இயல்பாக முடியும்போது முடியட்டும். பதற்றம் அப்போதே இறங்காவிட்டாலும் கற்றுக்கொள்ள முடியும்.

கேள்வி (பெண், திருப்பூர்): நான் முதலில் பேசினால் அலுவலகத்தில் கதை கட்டுவார்கள். இது வெறும் கற்பனைப் பயமா?

இல்லை. உங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்காவது அப்படி நடந்திருந்தால் உங்கள் கணிப்பு சரியானது. ஏணி தப்பான கணிப்பைத்தான் திருத்தும், ஊர் வாயைத் திருத்தாது. எனவே தாளில் இரண்டு பத்தி போடுங்கள். 'அவர் என்னை மலிவாக நினைப்பார்' என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். 'வம்பு பரவும்' என்பதற்குச் சோதனை வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். வேலைக்கு வெளியே, இருவருக்கும் தெரிந்த தோழி இருக்கும் இடத்தில் 50, 60 படிகளை வையுங்கள். கடைசிப் படியில் என்ன கேட்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். 'அந்த நூல் என்னிடம் இருக்கிறது, தரட்டுமா?' என்பதும் முழுப் படிதான்.

கேள்வி: பேசும்போது கை நடுங்குகிறது.
கேள்வி: முகம் வியர்த்துவிடுகிறது, என்ன செய்வது?
கேள்வி: குரல் உடைகிறது.

மூவருக்கும் ஒரே பதில். மறைக்கப் பாடுபடாதீர்கள். கையைப் பைக்குள் ஒளிப்பதும் குரலை அடக்குவதும் மேலே சொன்ன போன் வேலைதான். ஒருமுறை மறைக்காமல் பேசிவிட்டு, எதிரில் இருந்தவர் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று எழுதுங்கள்.

கேள்வி: நண்பர் படபடப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரை தருகிறேன் என்கிறார்.

வாங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு பெக் போட்டுவிட்டுப் போவதும் வேண்டாம், தைரியத்தை மது எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: நேரில் வேண்டாம், இன்ஸ்டாவில் மெசேஜ் போடலாமா?

வகுப்பில் ஏற்கெனவே பேசியிருந்தால் போடலாம். பேசாமலே போட்டால் அது நேரில் பேசுவதைத் தவிர்க்கும் வழி.

கேள்வி: கேட்டேன், 'விருப்பமில்லை' என்றாள். இன்னும் சின்னப் படிகளாக மறுபடி முயன்றால் சம்மதிப்பாளா?

இது சம்மதிக்க வைக்கும் முறை அல்ல. அவர் சொல்லிவிட்டார், அங்கே உங்கள் ஏணி முடிந்தது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவில் குற்றம். அவர் எண்ணை அழித்துவிடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாவில் அவர் ஸ்டோரிக்கு ரிப்ளை போட்டால் படியாகுமா?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

கேள்வி (62 வயது): மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. காலை நடையில் ஒரு அம்மாவைச் சந்திக்கிறேன். எங்கள் காலத்தில் பெண் பார்த்தது பெரியவர்கள். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஐயா. அவரும் குழுவாக நடப்பவர் என்றால், முதலில் குழுவில் எல்லோருக்கும் காலை வணக்கம். அடுத்து அவர் நடக்கும் பக்கம் ஒரு சுற்று, பொதுவான பேச்சு. உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி சொல்வது உங்களுக்கு எத்தனை மதிப்பெண் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வயதில் பலருக்கு அதுதான் மிக உயர்ந்த படியாக இருக்கிறது. பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்பது வேறு ஏணி, அதை இதோடு கலக்க வேண்டாம்.

கேள்வி: யார் முன்னாலும் சாப்பிடக்கூட முடியவில்லை. கல்லூரியை நிறுத்திவிட்டேன். ஒரு வருடமாக வீட்டில்தான்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பை நிறுத்தும் அளவுக்குப் போனால் சிகிச்சை வேண்டிய நிலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போகவே பயமாக இருந்தால் 14416க்கு அழையுங்கள், அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அழைப்பதும் பயமென்றால் வீட்டில் ஒருவரை எண்ணை அழுத்தச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இந்த வாரத்துக்கு அது போதும்.