வேலை கொடுப்பவருக்கு எழுதும் மெயில்: ஒரு வாக்கியத்தில் எத்தனை வினை?

கடைசி ஆண்டு மாணவர்கள் வேலைக்குச் சேருமுன் எழுதுகிற மெயில்களில் இலக்கணப் பிழை குறைவுதான். வாசிப்பவர் எந்த நேரத்தில், எந்த நிலையில் அதைத் திறப்பார் என்ற கணக்குத்தான் பெரும்பாலும் தவறுகிறது. சிறு நிறுவனத்தின் உரிமையாளர் இரவு ஒன்பது மணிக்குக் கடையை மூடிவிட்டு, செல்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே படிப்பார். அவருக்குப் போகவேண்டிய மெயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரியர் பரீட்சை இருப்பதால் சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு மாணவர் எழுத வேண்டும். வழக்கமாக இப்படித்தான் வரும்:

> கடந்த வாரம் தங்கள் நிறுவனத்தில் நடைபெற்ற நேர்முகத் தேர்வில் தேர்வு செய்யப்பட்டு, வரும் ஜூன் 16ஆம் தேதி பணியில் சேருமாறு அறிவுறுத்தப்பட்டிருந்த நிலையில், எனக்கு நிலுவையில் உள்ள ஒரு பாடத்திற்கான தேர்வு ஜூன் 18ஆம் தேதி நடைபெறவிருப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்துள்ளதால், அத்தேர்வினை முடித்துவிட்டு 19ஆம் தேதி பணியில் சேர அனுமதித்து உதவுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிழை ஒன்றும் இல்லை, மரியாதையும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 40 சொற்கள், ஒரே வாக்கியம். ஆனால் இதைக் கடினமாக்குவது 40 என்ற எண் மட்டும் அல்ல. தமிழில் முற்றுவினை கடைசியில்தான் வரும். அது வரும்வரை முன்னே வந்த எல்லாவற்றையும் வாசிப்பவர் மனதில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். நடைபெற்ற, செய்யப்பட்டு, சேருமாறு, அறிவுறுத்தப்பட்டிருந்த, உள்ள, நடைபெறவிருப்பதாக, அறிவித்துள்ளதால், முடித்துவிட்டு, சேர, அனுமதித்து, உதவுமாறு என 11 வினைகள் முடியாமல் தொங்குகின்றன. 'கேட்டுக்கொள்கிறேன்' என்ற 40ஆவது சொல்லில்தான் எல்லாம் இறங்குகிறது. காலையில், மேசையில் உட்கார்ந்து படிப்பவர் இதைத் தாங்கிவிடுவார். களைத்தவர் நடுவில் நூலை விட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். அல்லது 'நாளைக்குப் பார்ப்போம்' என்று மூடிவிடுவார்.

ஆகவே தமிழில் வாக்கிய நீளத்தை அளக்கும்போது சொற்களை எண்ணுவதற்கு முன் எச்சங்களை எண்ணுங்கள். ஒரு முற்றுவினைக்கு முன் இரண்டு எச்சம்வரை தொல்லை இல்லை. மூன்று வந்தால் எங்கே உடைக்கலாம் என்று பாருங்கள். நான்குக்கு மேல் போனால் உடைத்தே ஆக வேண்டும். 'நிலையில்', 'என்பதால்', 'என்றும்', 'மேலும்' ஆகியவை வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போகிற சொற்கள்; இவை வருமிடம் பெரும்பாலும் முற்றுப்புள்ளி வைக்கத் தகுந்த இடமாக இருக்கும்.

இணையத்தில் தேடினால் 1948இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் வகுத்த வாசிப்பு எளிமை அளவை கிடைக்கும். வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்பதை வைத்து மதிப்பெண் தருவது அது. ஆங்கிலத்துக்காக அமைத்தது, தமிழுக்கு அப்படியே பொருந்தாது. 'எழுதவேண்டியிருந்ததால்' என்பது நமக்கு ஒரே சொல், அதையே ஆங்கிலத்தில் சொல்ல நான்கைந்து சொற்கள் ஆகும். பிரிட்டன் அரசின் இணையதள எழுத்து வழிகாட்டி 25 சொற்களுக்கு மேல் போகும் வாக்கியத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. தமிழில் அந்த எண்ணை வைத்துக்கொண்டால் நிறையத் தப்பிவிடும். மெயிலுக்கு 12 சொற்களை எல்லையாக வைப்பதே எங்கள் பரிந்துரை. காரணம் சொல்லும் ஒரு வாக்கியம் மட்டும் 15வரை போகலாம்.

இனி சொல்லின் கடினம். மேலே உள்ள வாக்கியத்தில் 'தேர்வு' நான்கு இடத்தில் வருகிறது, மூன்று பொருளில். முதலில் நேர்காணல், அடுத்தது தெரிவு, கடைசி இரண்டும் பரீட்சை. 'தேர்வு' எளிய சொல்தான், சின்னச் சொல்தான். ஆனாலும் இந்த இடத்தில் அது கடினமான சொல். ஒவ்வொரு முறையும் எந்தப் பொருள் என்று வாசிப்பவர் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வேலை தொடர்பான மெயிலில் பரீட்சைக்குப் 'பரீட்சை', நேர்முகத்துக்கு 'இன்டர்வியூ' அல்லது 'நேர்காணல்' என்று பிரித்துவிடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை எடுத்தால் கடைசிவரை அதையே வையுங்கள். பள்ளிக் கட்டுரையில் சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாதே என்பார்கள். மெயிலில் அந்தப் பழக்கம் கெடுதல் செய்யும்.

'நிலுவைப் பாடம்' சரியான தமிழ்தான். ஆனால் அந்த உரிமையாளர் வாயில் தினமும் வருவது 'அரியர்'. அவருக்கு அதுவே எளிய சொல். இதே மெயில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனால் கணக்கு மாறும். கோப்புகளில் 'பணி நியமன ஆணை', 'நிலுவை' என்று நாள்தோறும் பார்ப்பவருக்கு அவை கண்ணில் பட்டதும் புரியும். ஒரு சொல் எளிதா என்பதைச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வாசிப்பவர் தன் வேலையிடத்தில் அதைச் சொல்வாரா என்று பாருங்கள்.

திருத்திய மெயில் இது. பொருள் வரியில் 'சேரும் தேதி ஜூன் 19க்கு மாற்றம் கேட்டு' என்று எழுதி, பெயரையும் சேரப்போகும் பிரிவையும் சேர்த்துவிடுங்கள். அப்போது 'தேர்வு செய்யப்பட்டு' என்ற முன்கதை தேவைப்படாது.

> ஐயா, வணக்கம். நான் ஜூன் 16க்குப் பதிலாக 19ஆம் தேதி வேலையில் சேரலாமா? ஜூன் 18 அன்று எனக்கு ஒரு அரியர் பரீட்சை இருக்கிறது. அது முடிந்த மறுநாளே வந்துவிடுவேன். ஹால் டிக்கெட்டை இணைத்திருக்கிறேன். 13ஆம் தேதிக்குள் உங்கள் பதிலைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மிக நீண்ட வாக்கியத்தில் 8 சொற்கள். பழைய மெயிலில் கேட்கிற தேதி 32ஆவது சொல்லாக வந்தது. இதில் வணக்கம் முடிந்த அடுத்த வாக்கியத்திலேயே வந்துவிட்டது. ஹால் டிக்கெட், பதில் தேவைப்படும் நாள் என்று இரண்டு புதிய செய்திகள் சேர்ந்தும் மெயில் சுருங்கியிருக்கிறது.

இதைப் பார்த்து அளவுக்கு மீறி வெட்டிவிடக் கூடாது. "16 அன்று வர முடியாது. பரீட்சை இருக்கிறது. தேதியை மாற்றுங்கள்." இதுவும் குட்டி வாக்கியங்கள்தான்; பெரியவர் ஒருவருக்கு இது அதட்டல்போல் ஒலிக்கும். பெற்றோர் பலர் நீளத்தைக் குறைத்தால் மரியாதை போய்விடும் என்று அஞ்சுவது இதனால்தான். மரியாதையைத் தாங்குவது நீளம் அல்ல: 'ஐயா, வணக்கம்', 'சேரலாமா?' என்ற கேள்வி வடிவம், 'உதவியாக இருக்கும்' என்ற முடிவு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டால் 'பணிவன்புடன்' இல்லாமலே பணிவு தெரியும்.

எதிர்மறையிலும் கவனம் வேண்டும். தமிழில் 'இல்லை', 'மாட்டேன்', 'இயலாது' எல்லாம் வினையின் வாலில் வருபவை. ஓட்டமாகப் படிப்பவர் வாலைத் தவறவிட்டால் பொருளே தலைகீழாகும். '16ஆம் தேதி வர இயலாமல் போகாது என்று கூற இயலவில்லை' என்பதை இருமுறை படித்தாலும் அவர் வருவாரா என்று தெரியாது. 'வருவேன்' அல்லது 'வர முடியாது' என்பதைத் தனி வாக்கியமாக, ஒரே ஒரு எதிர்மறையோடு எழுதுங்கள்.

அனுப்புவதற்கு முன் மெயிலை உங்களுக்கே அனுப்பி, இரவில் செல்பேசியில் திறந்து பாருங்கள். ஒரு வாக்கியம் நான்கு வரிக்கு மேல் ஓடினால் உடையுங்கள். பிறகு வீட்டில் வேலை முடிந்து வந்தவரிடம் பத்து விநாடி காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு, "என்ன கேட்டிருக்கிறேன்? எந்தத் தேதி?" என்று கேளுங்கள். அவர் '16' என்றோ '18' என்றோ சொன்னால் அவர்மேல் குறை இல்லை. 19 என்ற எண்ணை இன்னும் முன்னே கொண்டுவர வேண்டும், அல்லது மற்ற இரண்டு தேதிகளில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.