முதல் சோதனையில் சர்க்கரை இல்லை; மறுபடி எதற்கு?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம், இப்போது 25-வது வாரம். 10-வது வாரத்தில் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தபோது 112 வந்தது, சர்க்கரை இல்லை என்றார்கள். இப்போது நர்ஸம்மா மறுபடியும் வரச் சொல்கிறார். இரண்டு வீட்டிலும் யாருக்கும் சர்க்கரை கிடையாது. தோட்டத்தில் தினமும் மேடு பள்ளம் ஏறி இறங்குகிறேன். பஸ்ஸில் ஏறினாலே குமட்டுகிறது. போகத்தான் வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: போகத்தான் வேண்டும் அம்மா. 112 நல்ல அளவுதான். ஆனால் அது 10-வது வாரத்தில் உங்கள் உடம்பு இருந்த நிலை. கர்ப்பத்துக்கு முன்பே தெரியாமல் சர்க்கரை இருந்திருந்தால் அது அந்தச் சோதனையில் பெரும்பாலும் தெரிந்திருக்கும். கர்ப்பத்தாலேயே வருகிற சர்க்கரைக்கு அப்போது இன்னும் காலம் வந்திருக்கவில்லை.

அதைக் கொண்டுவருவது நஞ்சுக்கொடி. குழந்தை வளர வளர அதுவும் பெரிதாகி, ஹார்மோன்களை மேலும் மேலும் சுரக்கிறது. தாயின் தசைகள் முன்பு போல இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போக இவையே காரணம். அதனால் சாப்பிட்ட பிறகு குளுக்கோஸ் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கி, குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. இது நோயல்ல, எல்லாக் கர்ப்பத்திலும் நடப்பது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வேகமெடுக்கும். இதை ஈடுகட்ட, கடைசி மாதங்களில் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கும். பலருக்கு அது முடிகிறது. சிலருக்கு முடிவதில்லை. யாருக்கு முடியாது என்பதைக் குடும்பத்தை வைத்தோ உடல்வாகை வைத்தோ உறுதியாகச் சொல்ல வழியில்லை. நீங்கள் மேடு ஏறுவது நிச்சயம் நல்லது, ஆனால் நஞ்சுக்கொடி சுரப்பதை அது நிறுத்தாது.

அறிகுறி தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. தாகம், களைப்பு, அடிக்கடி சிறுநீர் எல்லாம் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக வருபவைதான். சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதையும் நம்ப முடியாது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் அளவு சரியாக இருப்பவர்களுக்கும் சிறுநீரில் கொஞ்சம் இறங்கும்.

தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. ஆகவே கூடுதலாக வருகிற சர்க்கரைக்குக் குழந்தையின் கணையமே இன்சுலின் சுரக்கிறது, அந்தச் சர்க்கரை கொழுப்பாகச் சேர்கிறது. தோள் அகன்ற பெரிய குழந்தையாகிப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்து தொப்புள்கொடி வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலினோ உடனே குறையாது. அதனால் முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும்.

குழந்தைக்குக் கொழுப்பு மளமளவென்று சேர்வது கடைசி மூன்று மாதங்களில். அதற்குச் சற்று முன்பாக, 24 முதல் 28 வாரத்துக்குள் பார்த்துவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும். அதைவிட முன்னால் மட்டும் பார்த்தால் உங்களுக்கு வந்தது போல நல்ல அளவைக் காட்டி ஏமாற்றிவிடலாம்.

பஸ் பயணத்துக்கு ஒரு நல்ல செய்தி: நம் அரசு மருத்துவமனைகளில் செய்யும் இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. குமட்டாத அளவுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். இறங்கிச் சற்று ஆசுவாசப்படுத்திக்கொண்டு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குள் மெதுவாகக் குடியுங்கள். அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், வேறொரு நாள் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் சோதனையைத் தொடரலாம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அதுவரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் கடைவீதிக்குப் போய்வருவது என்றாலே இறக்கமும் ஏற்றமும்தான். ஏறும் கால்கள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், இருக்கிற சர்க்கரை குறைவாகத் தெரியும்.

140-க்குக் கீழே வந்தால் கவலையில்லை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. உதாரணமாக 152 வந்தால் உடனே ஊசி போடமாட்டார்கள். முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள். குளிருக்காகப் பலமுறை குடிக்கும் டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள், வெல்லமும் வேண்டாம். ஒரே வேளையில் நிறையச் சோறும் உருளைக்கிழங்கும் சேர்ப்பதைவிட, சோற்றைக் குறைத்து பீன்ஸ், கீரை, பயறு, முட்டை கூட்டி, அதையும் பிரித்துப் பிரித்துச் சாப்பிடலாம். பட்டினி மட்டும் கூடாது. பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 120-க்குக் கீழே இருந்தால் உணவே போதும். இல்லையென்றால் மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்பதால் குழந்தைக்குப் பயமில்லை.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். ஆனாலும் சர்க்கரை வந்திருந்தால், பிரசவமாகி ஆறு வாரத்தில் இதே 75 கிராம் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். அப்போது மட்டும் வெறும் வயிற்றில் போங்கள்.